குறுஞ்செய்தியால் ஓடும் மோட்டரும், தாமதித்து வரும் கட்டளையும்

புத்தூர்ப் பக்கத்துத் தோட்டங்களில் இணையம் சீராகக் கிடைப்பதில்லை. ஆகவே எங்கள் கிணற்று மோட்டரை SIM800L கருவிக்குக் குறுஞ்செய்தி அனுப்பியே இயக்குகிறோம். இதில் பலரும் கவனிக்காத ஓர் ஆபத்து இருக்கிறது. கருவிக்கு மின்சாரமோ சிக்னலோ இல்லாதபோது அனுப்பிய செய்தி உடனே அழிந்துபோவதில்லை; தொலைபேசி நிறுவனத்தின் செய்தி மையத்தில் காத்திருந்து, தொடர்பு திரும்பியதும் வந்து சேர்கிறது. காலை 6 மணிக்கு அனுப்பிய ON, மின்தடை நீங்கிய 9 மணிக்கு வந்து, தோட்டத்தில் ஒருவரும் இல்லாத வேளையில் மோட்டரை ஓடவிட்டால், வெங்காயப் பாத்தி வெள்ளமாகும். நமது சுண்ணக்கல் கிணறுகளில் அளவுமீறி இறைத்தால் கீழிருக்கும் உவர்நீரும் மேலேறும் என்பதால், இதை நான் சிறு பிழையாகக் கருதவில்லை.

தீர்வு செய்தியின் தலைப்பிலேயே இருக்கிறது:

```
+CMT: "+94XXXXXXXXX","","25/03/10,06:02:15+22"
```

அந்த நேரம், செய்தி மையம் அதைப் பெற்ற நேரமாகும். +22 என்பது 22 கால்மணிகள், அதாவது உலகப் பொது நேரத்துக்கும் நமது நேரத்துக்கும் உள்ள ஐந்தரை மணி நேர வித்தியாசம். கருவியின் மணிக்கூட்டோடு அதை ஒப்பிட்டு, 5 நிமிடத்துக்கு மேல் பழையதான ON எதையும் நிரல் புறக்கணிக்க வேண்டும். OFF எவ்வளவு பழையதாயினும் ஏற்கலாம். மின்தடைக்குப் பின் SIM800L தனது நேரத்தை இழந்துவிடக்கூடும் என்பதால், பற்றரியுடன் கூடிய DS3231 மணிக்கூட்டுச் சில்லு ஒன்றைச் சேர்ப்பதே நம்பகமானது.