அரிக்கேன் விளக்கில் புகை அடங்கிய கதை

கும்பகோணத்துப் பழைய இரும்புக் கடையில் எடுத்த அரிக்கேன் ஒருவழியாகப் புகையாமல் எரிகிறது. புதுத் திரி, புதுக் கண்ணாடி, சுத்தமான மண்ணெண்ணெய் எல்லாம் போட்டும் கொஞ்சம் ஏற்றினாலே கண்ணாடியின் ஒரு பக்கம் மட்டும் கறுத்துக்கொண்டே இருந்தது.

பொதுவாக இதற்குத் திரியைத்தான் குறை சொல்வோம். ஒரு மூலை நூல் தூக்கி நின்றாலும் அங்கே சுடர் கொம்பு மாதிரி எழும்பி, அதன் நுனியிலிருந்து கரி பறக்கும். அதனால் நேராக நறுக்கி, இரண்டு மூலையையும் மயிரிழை அளவு சரித்து விட்டேன். கொம்பு போய்விட்டது. ஆனாலும் சுடர் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடியது, கறுப்பும் அதே இடத்தில்தான் விழுந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, கோளாறு திரியில் இல்லை, காற்றில்.

திரி மேலே இழுக்கும் மண்ணெண்ணெய் நுனியில் சூடாகி ஆவியாகிறது. எரிவது அந்த ஆவிதான். சுடருக்குள்ளே உண்டாகும் நுண்ணிய கரித்துகள்கள் தகதகப்பதே நாம் பார்க்கும் மஞ்சள் வெளிச்சம். காற்று போதுமானால் அவை வெளி ஓரத்தில் எரிந்து தீர்ந்துவிடும். திரியை அதிகம் ஏற்றினால் ஆவி கூடுகிறது, காற்று அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. சுடர் நீள்கிறது, துகள்கள் நுனியை எட்டுவதற்குள் சூட்டை வெளிச்சமாகவே செலவழித்து ஆறிவிடுகின்றன. ஆறிய கரி எரியாது, புகையாக வெளியேறும். நுனி மஞ்சளிலிருந்து மங்கிய சிவப்புக்கு மாறினால் உடனே திரியை இறக்கிவிட வேண்டும்.

சரி, காற்று எங்கே நிற்கிறது? சுடருக்குக் காற்றைக் கொண்டுவரும் இரண்டு பக்கக் குழாய்களிலும் சைக்கிள் பிரேக் கம்பியை விட்டுப் பார்த்தேன். ஒன்றில் தாராளமாக இறங்கியது, மற்றதில் பாதியிலேயே முட்டியது. குத்திக் குடைந்ததும் காய்ந்த மண்கட்டியாகக் கொட்டியது. குளவிக்கூடு! பர்னரின் சல்லடைத் தகட்டிலும் பூச்சி இறகு அடைத்திருந்தது. சம்பா நாளில் வெளிச்சத்தைத் தேடி வரும் பச்சைத் தத்துப்பூச்சி நம் பக்கத்து விளக்குகளை விட்டுவைக்குமா? பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்ததும் துளைகள் திறந்துகொண்டன.

இப்போது சுடர் நிமிர்ந்து நிற்கிறது. ஏற்றியதும் திரியைத் தாழ்த்தியே வைக்கிறேன். பர்னர் சூடேறச் சூடேற ஆவி கூடிச் சுடர் தானே வளரும். ஆரம்பத்திலேயே சரியான உயரம் வைத்தால் கொஞ்ச நேரத்தில் புகைய ஆரம்பித்துவிடும்.

கண்ணாடிக்குத்தான் அலைச்சல். பாத்திரக்கடையில் கிடைப்பது விளிம்பு கோணல். கூண்டுக்குள் ஒட்டி உட்காராமல் இடுக்கு வழியே காற்று புகுந்து சுடரை ஆட்டும். வாங்கும்போதே சமதரையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். தொட்டி மூடிக்கு வாஷர் இன்னும் போடவில்லை. சாதா ரப்பர் மண்ணெண்ணெயில் ஊறி உப்பிவிடும், அதனால் கார்க் தேடிக்கொண்டிருக்கிறேன்.