அட்டவணையைப் பார்த்ததும் முடிவு புரிய வேண்டும்: ஒரு தரவுத்தொகுப்பில் செய்து பார்த்தது

ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுப்பவர்களில் பலர் சுருக்கத்தை வாசித்துவிட்டு நேராக அட்டவணைக்கும் படத்துக்கும்தான் போகிறார்கள். அங்கே புரியாவிட்டால், "இந்த நட்சத்திரக் குறி எதற்கு, இந்தக் கோடு எதைக் காட்டுகிறது" என்று பக்கம் பக்கமாகத் தேட வேண்டியிருக்கும். அப்படித் தேட வைக்காத ஓர் அட்டவணையையும் படத்தையும் எப்படித் தயாரிப்பது என்று, ஆர் மொழியோடு வரும் `ToothGrowth` தரவை எடுத்துச் செய்தோம். யார் வேண்டுமானாலும் திறந்து சரிபார்க்கலாம் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

தரவு சின்னதுதான். மொத்தம் 60 கினிப் பன்றிகள். ஒவ்வொன்றுக்கும் வைட்டமின் சி நாளொன்றுக்கு 0.5, 1 அல்லது 2 மி.கி. அளவில் கொடுக்கப்பட்டது, ஆரஞ்சுச் சாறாகவோ அஸ்கார்பிக் அமிலமாகவோ. ஆக ஆறு குழுக்கள், குழுவுக்கு 10 விலங்குகள். சுருக்க எண்களை எடுக்க ஒரு வரி போதும்:

```r
aggregate(len ~ supp + dose, ToothGrowth,
          function(x) c(mean(x), sd(x), length(x)))
```

வருவது ஆறு வரிசை. `OJ`, `VC`, `len` என்ற குறிகள் அப்படியே இருக்கும். இதையே ஒட்டி, மேலே "வெவ்வேறு அளவுகளில் பல் வளர்ச்சி" என்று போட்டுவிட்டால் பலருக்கு வேலை முடிந்த மாதிரி. வாசகருக்கு அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. `VC` என்றால் வைட்டமின் சி என்று எடுத்துக்கொள்வார். ஆனால் ஆரஞ்சுச் சாறு குடித்த விலங்குக்கும் அதே வைட்டமின் சிதான் போயிருக்கிறது. அந்தக் குறி அஸ்கார்பிக் அமிலத்தை மட்டும் குறிக்கிறது. `len` இன்னும் மோசம். உதவிப் பக்கத்தின் விளக்கம் அதைப் பல் வளர்ச்சிக்குக் காரணமான செல்களின் நீளம் என்கிறது. அதே பக்கத்தின் மாறிப் பட்டியல் பல்லின் நீளம் என்கிறது. அலகும் அங்கே இல்லை. இந்த மாதிரி இடத்தில் மில்லிமீட்டர் என்று ஊகித்து எழுதிவிடக் கூடாது. "செல் நீளம், தரவுத்தொகுப்பில் அலகு தரப்படவில்லை" என்று குறிப்பிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. கணினிக்காக வைத்த சுருக்கப் பெயர் எதுவும் அட்டவணைக்குள் வரக் கூடாது என்பதைக் கறாராகவே பிடிக்கலாம்.

அடுத்தது அமைப்பு. வாசகர் எந்த இரண்டு எண்களை ஒப்பிட வேண்டுமோ அவை பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். இங்கே கேள்வி, ஒரே அளவில் சாறுக்கும் அமிலத்துக்கும் வேறுபாடு உண்டா என்பது. எனவே அளவுகளை வரிசையாகவும் இரண்டு வடிவங்களையும் நெடுவரிசையாகவும் வைத்தோம். வாசகரையே கழித்துப் பார்க்க விடாமல், வித்தியாசத்துக்குத் தனி நெடுவரிசை கொடுத்தோம்.

அட்டவணை 1. நாளொன்றுக்கு 0.5, 1 மி.கி. அளவுகளில் ஆரஞ்சுச் சாறு பெற்ற விலங்குகளின் செல் நீளம் அதிகம், 2 மி.கி. அளவில் வேறுபாடு தென்படவில்லை

| அளவு (மி.கி./நாள்) | ஆரஞ்சுச் சாறு | அஸ்கார்பிக் அமிலம் | வித்தியாசம் (95% நம்பக இடைவெளி) |
|---|---|---|---|
| 0.5 | 13.2 (4.5) | 8.0 (2.7) | 5.3 (1.7 முதல் 8.8) |
| 1 | 22.7 (3.9) | 16.8 (2.5) | 5.9 (2.8 முதல் 9.1) |
| 2 | 26.1 (2.7) | 26.1 (4.8) | −0.1 (−3.8 முதல் 3.6) |

*கினிப் பன்றிகளில் செல் நீளம். தரவுத்தொகுப்பில் அலகு தரப்படவில்லை. சராசரி, அடைப்புக்குள் திட்டவிலக்கம். ஒவ்வொரு குழுவிலும் 10 விலங்குகள். ஒரு விலங்கு ஒரு குழுவில் மட்டுமே. வித்தியாசம் = சாறு − அமிலம், முழுமையாக்காத சராசரிகளிலிருந்து; இடைவெளி வெல்ச் டி-சோதனையிலிருந்து.*

"முழுமையாக்காத சராசரிகளிலிருந்து" என்ற சொற்கள் ஒப்புக்குப் போட்டவை அல்ல. முதல் வரிசையில் 13.2-இலிருந்து 8.0-ஐக் கழித்தால் 5.2, அட்டவணையில் இருப்பதோ 5.3. உண்மையான சராசரிகள் 13.23, 7.98, வித்தியாசம் 5.25. கடைசி வரிசையிலும் 26.06, 26.14 இரண்டுமே 26.1 ஆகிவிட, வித்தியாசம் மட்டும் −0.1 என்று நிற்கிறது. கூர்ந்து பார்க்கும் மதிப்பாய்வாளர் இதைத் தட்டச்சுப் பிழை என்றுதான் நினைப்பார். இரண்டு தசமம் போட்டால் இந்த முரண் மறையும்தான். ஆனால் இந்தக் குழுக்களின் திட்டப்பிழை 0.8-இலிருந்து 1.5 வரை இருக்கும்போது இரண்டாம் தசம இலக்கம் எதையும் சொல்வதில்லை, கண்ணைத்தான் உறுத்தும். ஒரு தசமமும் ஓர் அடிக்குறிப்பும் போதும் என்பது எங்கள் தீர்மானம்.

அட்டவணைத் தலைப்பில் முடிவையே சொன்னதைச் சில இதழ்கள் ஏற்காது. நடுநிலையான தலைப்புத்தான் வேண்டும் என்பார்கள். அப்போது முடிவைக் குறிப்பின் முதல் வாக்கியமாக இறக்கிவிடலாம். "வேறுபாடு இல்லை" என்று எழுதாமல் "தென்படவில்லை" என்று எழுதியதற்கும் காரணம் உண்டு: −3.8 முதல் 3.6 வரையிலான இடைவெளிக்குள் ஓரளவு பெரிய வித்தியாசத்துக்கும் இடமிருக்கிறது.

படத்துக்கு வந்தால், பெரும்பாலான குழப்பம் பிழைக்கோடுகளில்தான். 0.5 மி.கி. குழுக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். கோடு திட்டவிலக்கம் என்றால் சாறுக்கு 8.8 முதல் 17.7 வரை, அமிலத்துக்கு 5.2 முதல் 10.7 வரை, இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அதே கோடு திட்டப்பிழை என்றால் 11.8 முதல் 14.6 வரை, 7.1 முதல் 8.8 வரை, நடுவே தாராளமான இடைவெளி. 95% நம்பக இடைவெளி என்றால் 10.0 முதல் 16.4 வரை, 6.0 முதல் 9.9 வரை, மயிரிழையில் தொடாமல் நிற்கும். தரவு ஒன்றுதான், மூன்று படங்கள் மூன்று கதை சொல்கின்றன. கோடு எதைக் குறிக்கிறது என்று எழுதாத படத்தில் வாசகர் தனக்குப் பழக்கமானதையே பொருத்திப் பார்ப்பார். "சராசரி ± பிழை" என்று எழுதுவதும் எழுதாததும் ஒன்றுதான்.

குழுவுக்கு 10 விலங்குகள்தான் என்பதால் பட்டை வரைபடத்தைத் தவிர்த்து, ஒவ்வொரு விலங்கையும் புள்ளியாக வைத்து மேலே சராசரியை இட்டோம். சாறுக்கு நிரப்பிய வட்டம், அமிலத்துக்கு வெற்று முக்கோணம். கறுப்பு வெள்ளையில் அச்சிட்டாலும் பிரித்தறியலாம். படத்தின் கீழே போட்ட குறிப்பு இது:

*படம் 1. ஆரஞ்சுச் சாறின் அனுகூலம் 2 மி.கி. அளவில் தென்படவில்லை. சிறு குறி ஒவ்வொன்றும் ஒரு விலங்கு (குழுவுக்கு 10). பெரிய குறி சராசரி. செங்குத்துக் கோடு சராசரியின் 95% நம்பக இடைவெளி. வட்டம்: ஆரஞ்சுச் சாறு; முக்கோணம்: அஸ்கார்பிக் அமிலம். செங்குத்து அச்சு: செல் நீளம் (தரவுத்தொகுப்பில் அலகு தரப்படவில்லை). குறிகள் ஒன்றையொன்று மறைக்காதிருக்கப் பக்கவாட்டில் சற்று நகர்த்தப்பட்டுள்ளன.*

கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், 0.5-க்குச் சற்று வலப்புறம் நிற்கும் புள்ளியை 0.55 மி.கி. என்று வாசிக்க வாய்ப்புண்டு.

எல்லாம் முடிந்ததும், கட்டுரையை வாசிக்காத ஒருவரிடம் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்து மூன்று கேள்விகள் கேட்கலாம்: எதை அளந்தார்கள், எத்தனை விலங்குகளில், எந்த அளவில் வேறுபாடு தென்படவில்லை? அவர் திருப்பிக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விடுபட்டுப்போன ஒரு சொற்றொடர். தரவில் ஒரு விலங்கை நீக்கிப் படத்தைத் திரும்ப வரைந்தால், "குழுவுக்கு 10" என்பது தானாக மாறாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.