அடக்க விலைக்குக் கீழே இறங்காத ஸ்கிரிப்ட்

இணையச் சந்தைகளில் விற்கும் நிறுவனங்களுக்கு விலைமாற்றும் ஸ்கிரிப்ட் எழுதிப் பராமரிப்பது என் வேலை. போட்டியாளர் விலையைக் குறைத்தால் நம் விலையும் இறங்கும், அவர் ஏற்றினால் ஏறும். ஒரு புது ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்தால் நான் முதலில் தேடிப் பார்ப்பது குறைந்தபட்ச விலை எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். பெரும்பாலும் அது ஒரு எக்செல் ஷீட்டில், யாரோ எப்போதோ தட்டச்சு செய்த எண்ணாக இருக்கும். அந்த எண் எப்படி வந்தது என்று கேட்டால், "வாங்கின விலை, கூரியர், அதுக்கு மேல கமிஷன் 15 சதவீதம்" என்று பதில் வரும். சிக்கல் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கொள்முதல் 400, கூரியர் 60, பேக்கிங் 15, சந்தை ஒவ்வொரு ஆர்டருக்கும் பிடிக்கும் நிலையான கட்டணம் 5. மொத்தம் 480. கமிஷன் 15 சதவீதம், விலைக்குள் அடங்கிய வரி 10 சதவீதம். வழக்கமாகப் போடும் கணக்கு 480-ஐ 1.15-ஆலும் 1.10-ஆலும் பெருக்கி 607.20 என்று நிற்கும். ஆனால் சந்தை கமிஷனைப் பிடிப்பது நம் செலவின் மேல் இல்லை, வாடிக்கையாளர் கட்டும் முழு விலையின் மேல். 607.20-க்கு விற்றால் வரி போக 552 மிஞ்சும். அதில் கமிஷன் 91.08 போனால் கைக்கு வருவது 460.92. ஒவ்வொரு பொருளுக்கும் 19.08 நஷ்டம். அந்த எண்ணுக்குக் கீழே ஸ்கிரிப்ட் ஒருமுறைகூட இறங்கியிருக்காது. ஆனாலும் மாதக் கடைசியில் பணம் குறையும்.

சரியான கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். விற்ற விலையில் நமக்கு என்ன பங்கு மிஞ்சும் என்று பார்த்து, செலவை அந்தப் பங்கால் வகுக்க வேண்டும்.

```python
from decimal import Decimal, ROUND_CEILING

def floor_price(cost, other, fee, tax):
    if cost is None or cost <= 0:
        return None
    keep = 1 / (1 + tax) - fee
    raw = (cost + other) / keep
    return raw.quantize(Decimal("0.01"), rounding=ROUND_CEILING)
```

மேலே சொன்ன பொருளுக்கு இது 632.34 தரும். எல்லா எண்களையும் `Decimal` ஆகவே கொடுக்க வேண்டும். கடைசி வரியில் `ROUND_CEILING` இருப்பதும் முக்கியம். சில சந்தைகள் முழு எண் விலையைத்தான் ஏற்கும். அங்கே சாதாரணமாக ரவுண்டு செய்தால் 632 ஆகி அடக்க விலைக்குக் கீழே போய்விடும், 633 ஆக வேண்டும். இதைவிட மோசமானது, விலை 9-இல் முடிந்தால் நன்றாக விற்கும் என்று மார்க்கெட்டிங் பிரிவு ஸ்கிரிப்டில் சேர்க்கச் சொல்லும் வரி. அது 633-ஐ 629 ஆக்கிவிடும். அலங்காரம், கூப்பன், தள்ளுபடி எல்லாம் முடிந்த பிறகுதான் எல்லை பார்க்கும் வரி வர வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

திரும்பி வரும் பொருட்களுக்கும் இடம் விட வேண்டும். நூற்றில் ஐந்து திரும்பி வருகிறது, ஒவ்வொன்றுக்கும் 140 செலவாகிறது என்றால், விற்று நிலைக்கும் 95 ஆர்டர்கள் அந்த 700-ஐச் சுமக்கின்றன. ஆர்டருக்கு ஏறத்தாழ 7.37 கூட வரும். கமிஷன் விகிதம் விலைப் படிகளுக்கேற்ப மாறும் சந்தைகளில், ஒவ்வொரு படிக்கும் தனியாகக் கணக்குப் போட்டு, கிடைத்த விலை அந்தப் படிக்குள்ளேயே விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இனி எல்லை பார்க்கும் அந்த வரி. `p` கணக்கில் வந்த விலை, `lo` குறைந்தபட்ச விலை, `hi` உச்ச விலை. இதை இரண்டு விதமாக எழுதுகிறார்கள்: `max(lo, min(p, hi))` அல்லது `min(hi, max(lo, p))`. சாதாரண நாட்களில் இரண்டும் ஒரே விடையைத்தான் தரும். ஆனால் கொள்முதல் விலை ஏறி, குறைந்தபட்சம் 685 ஆகி, யாரும் தொடாத உச்ச விலை 660-லேயே நின்றால், முதல் வரி 685 தரும், இரண்டாவது 660 தரும். இரண்டாவது வரி ஓடும் நிறுவனத்தில் உச்ச விலையே நஷ்ட விலையாகிவிடும். அதற்காக முதல் வரியை மட்டும் எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியாது. இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தாண்டி நிற்கின்றன என்றால் அவற்றில் ஏதோ ஒன்று தவறு. எது தவறு என்று ஸ்கிரிப்டுக்குத் தெரியாது. அங்கே அது நின்று, ஆளைக் கூப்பிட வேண்டும்.

```python
def final_price(p, lo, hi):
    if lo is None or hi is None or lo > hi:
        return None
    return max(lo, min(p, hi))
```

`None` வந்தால் விலையை அனுப்பாதே என்பதுதான் பொருள். இதைத்தான் பாதுகாப்பான வழி என்று பலரும் நினைக்கிறார்கள். நான் பணிபுரிந்த ஒரு இடத்தில் அது பாதுகாப்பாக இல்லை. அந்த ஸ்கிரிப்டை எழுப்பியது போட்டியாளரின் விலை மாற்றம் மட்டுமே. அவர் அசைந்தால்தான் நம் கணக்கு ஓடும். ஒரு பொருளின் புதுச் சரக்கு 400-க்குப் பதில் 440-க்கு வந்தது. குறைந்தபட்ச விலை 685.03 ஆக வேண்டும். போட்டியாளரோ அசையவே இல்லை. சந்தையில் நம் பழைய விலை 640 அப்படியே நின்றது, அதே விலைக்கு விற்றுக்கொண்டும் இருந்தது. ஒவ்வொரு ஆர்டரிலும் 34.18 போனது. கணக்குப் பிரிவு அக்கா ஒருவர் செட்டில்மெண்ட் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தப் பொருள் மட்டும் ஏன் எப்பவும் கழித்தல்லயே வருது?" என்று கேட்டார். ஸ்கிரிப்டின் பதிவேட்டைப் பார்த்தால் ஒரு பிழைகூட இல்லை. அந்தப் பொருளுக்கு எந்தப் பதிவுமே இல்லை.

அனுப்பாமல் இருப்பதும் ஒரு விலையை வைத்திருப்பதுதான் என்பது எனக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. அதன் பிறகு நாங்கள் செய்தது இதுதான்: கொள்முதல் விலை, கமிஷன், கூரியர் கட்டணம் இவற்றில் எது மாறினாலும் குறைந்தபட்ச விலையை உடனே மறுபடி கணக்கிட்டு, சந்தையில் இப்போது நிற்கும் விலையோடு ஒப்பிடுவது. நிற்கும் விலை கீழே இருந்தால், போட்டியாளரைப் பார்க்காமல் விலையை ஏற்றிவிடுவது. எல்லைகளே சரியில்லாமல் `None` வந்தால், ஆள் வந்து பார்க்கும் வரை சந்தையில் ஸ்டாக்கைச் சுழியம் ஆக்கிவிடுவது. விற்பனைப் பிரிவுக்கு இந்தக் கடைசி விதி பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு பொருளின் அடக்க விலையே தெரியாதபோது அதை விற்காமல் இருப்பதே சரி என்ற என் கருத்து மாறவில்லை.

பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலந்து கிடந்தால் எந்தக் கொள்முதல் விலையை எடுப்பது? சிலர் சராசரி எடுப்பார்கள். கையில் இருப்பவற்றில் அதிகமான விலையை எடுப்பது என் வழக்கம், ஏனென்றால் அலமாரியிலிருந்து எந்தச் சரக்கு கிளம்பும் என்று ஸ்கிரிப்டால் சொல்ல முடியாது. இதனால் பழைய சரக்கு தேங்கும் என்பது உண்மையே. அதை நஷ்டத்துக்காவது தள்ளிவிட வேண்டும் என்றால், அந்தப் பொருளுக்கு மட்டும், பொறுப்பாளர் பெயரும் முடிவுத் தேதியும் போட்ட தனி அனுமதியாகச் செய்யலாம். பொது விதியைத் தளர்த்தக் கூடாது.

உச்ச விலையைப் பலரும் பேருக்கு ஒரு பெரிய எண்ணாகப் போட்டுவிடுகிறார்கள். 2011-இல் ஈக்களின் வளர்ச்சி பற்றிய ஓர் உயிரியல் நூலின் விலை அமேசானில் 23,698,655.93 டாலர் வரை ஏறியது. இரண்டு விற்பனையாளர்களில் ஒருவர் மற்றவர் விலையை 0.9983-ஆல் பெருக்கினார், மற்றவர் இவர் விலையை 1.270589-ஆல் பெருக்கினார். பெருக்கல் தொகை ஒன்றுக்கு மேல், இரு பக்கமும் உச்சம் இல்லை. விலை ஏறிக்கொண்டே போனது. உச்ச விலையைப் போட்டியாளர் விலையிலிருந்து எடுத்தால் இதே சுழல்தான். நம் பொருள் கடைசியாக உண்மையில் விற்ற விலைகளின் இடைநிலையிலிருந்து எடுப்பது நல்லது.

உச்ச விலைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொள்முதல் விலையை யாராவது 440-க்குப் பதில் 4400 என்று உள்ளிட்டால், குறைந்தபட்சம் உச்சத்தைத் தாண்டிப் போய், மேலே சொன்ன தடையில் நின்றுவிடும். ஆனால் 44 என்று உள்ளிட்டால் அது எதிலும் சிக்காது. குறைந்தபட்சம் 163.36 ஆகிவிடும். போட்டியாளர் கீழே போகப் போக ஸ்கிரிப்டும் நல்ல பிள்ளையாகப் பின்னாலேயே இறங்கும். இதற்குத் தனிக் காவல் வேண்டும்: புதுக் குறைந்தபட்சம் பழையதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், ஆள் ஒப்புதல் தரும் வரை பழையதே செல்லும்.

இவ்வளவும் ஸ்கிரிப்டுக்கு உள்ளே. ஸ்கிரிப்டே கெட்டுப்போனால்? 2014 டிசம்பர் 12 மாலை, பிரிட்டனில் அமேசான் விற்பனையாளர்கள் பலர் பயன்படுத்திய ஒரு விலைமாற்ற மென்பொருளில் கோளாறு வந்து, சுமார் ஒரு மணி நேரம் ஏராளமான பொருட்கள் ஒரு பென்னிக்கு விற்றன. ஒவ்வொரு விற்பனையாளரும் எத்தனை கவனமாக விதி எழுதியிருந்தாலும், அந்த விதியும் விலையை அனுப்பும் கையும் ஒரே இடத்தில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அமேசானில் பொருள் பட்டியலிலேயே `minimum-seller-allowed-price`, `maximum-seller-allowed-price` என்ற இரண்டு புலங்கள் உண்டு. விலை இவற்றுக்கு வெளியே போனால் சந்தையே பட்டியலை நிறுத்திவிடும். வேறு சந்தைகளிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பேன். அந்தப் புலங்களை விலையனுப்பும் ஸ்கிரிப்ட் தொடக் கூடாது. தனி வேலையாக, தனி அனுமதியோடு, நாளுக்கு ஒருமுறை ஓடுவதுதான் அவற்றைப் புதுப்பிக்க வேண்டும்.

இப்போதெல்லாம் அனுப்பும் ஒவ்வொரு விலையோடும் அந்த நேரத்துக் குறைந்தபட்சத்தையும் அது கணக்கிடப்பட்ட கொள்முதல் விலையையும் சேர்த்துப் பதிந்து வைக்கிறோம். வாராவாரம் செட்டில்மெண்ட் அறிக்கையில் கைக்கு வந்த தொகையை இதோடு ஒப்பிட்டால், கழித்தலில் விழுந்த ஆர்டருக்குக் காரணம் தவறான கொள்முதலா, மாறிய கமிஷனா, எடை கூடிய கூரியர் கட்டணமா என்று நேரடியாகத் தெரிகிறது. அதே பதிவில், நாட்கணக்காகக் குறைந்தபட்ச விலையிலேயே உட்கார்ந்திருக்கும் பொருட்களையும் தனியாக எடுத்துக் கொள்முதல் பிரிவுக்கு அனுப்புகிறோம். அவற்றைப் போட்டியாளர் நம்மைவிட மலிவாக வாங்குகிறார். அதைச் சரிசெய்ய விலை விதியால் ஆகாது, சப்ளையரிடம்தான் பேச வேண்டும்.