மாமா ஏன் நம்ம வீட்டுக்கு வர்றதில்லை?

சொத்துத் தகராறில் பிறந்த வீட்டோடு பேச்சு நின்றுபோனால் எந்த வக்கீலைப் பார்க்கலாம், வில்லங்கச் சான்று எங்கே எடுக்கலாம் என்று சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. என் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 6. வழக்கைவிட இவர்களுக்குப் பதில் சொல்வதில்தான் எனக்கு நாக்கு வறண்டது.

தகராறைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூர் பக்கம் அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வாழைத் தோட்டம் ஒன்று, வீடு ஒன்று. உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழில் அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பெயர். என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரத்தை அண்ணன் தட்டச்சு செய்தே எடுத்து வந்து கையெழுத்துக் கேட்டார், நான் போடவில்லை. அன்றோடு சரி. மதினி போனை எடுப்பதில்லை, அண்ணன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார், அம்மா அண்ணன் வீட்டோடு இருக்கிறார். இப்போது பாகப்பிரிவினை வழக்கு நடக்கிறது.

"சின்னப் புள்ளைகளுக்கு எதுக்கு இதெல்லாம், மாமாவுக்கு வேலைன்னு சொல்லிருவோம்" என்றார் என் மாமியார். பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து அதையே சொன்னார்கள். மாமாவுக்கு வேலை, அத்தைக்கு உடம்பு சரியில்லை, அம்மாச்சிக்குக் காது கேட்காது, அதனால் போனில் பேச முடியாது. பிள்ளைகளும் தலையாட்டிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒருநாள் மகன் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து, "பைக் கண்ணாடி எவ்வளவும்மா?" என்று கேட்டான். எதற்கு என்றால் பதில் இல்லை. தரையில் கவிழ்த்துக் கொட்டி, ஐந்து ரூபாய்க் காசையெல்லாம் தனியாக அடுக்க ஆரம்பித்தான். மெதுவாகப் பேச்சுக் கொடுத்ததில்தான் வந்தது. கடைசியாக ஊருக்குப் போயிருந்தபோது மாமாவின் வண்டியில் ஏறி விளையாடி, பக்கவாட்டுக் கண்ணாடியை உடைத்துவிட்டான். மாமா ஒரு சத்தம் போட்டார். அதற்குப் பிறகு அவர் வரவே இல்லை. ஆக, வராததற்குக் காரணம் தான்தான் என்று பிள்ளை முடிவு கட்டி, இத்தனை நாளாக யாரிடமும் சொல்லாமல் காசு சேர்த்திருக்கிறது.

மறைத்தால் நடப்பது இதுதான். அந்த வயதில் நாம் காரணம் சொல்லாவிட்டால் பிள்ளை தன்னையே காரணமாக்கிக்கொள்ளும். வாயைத் திறந்து கேட்கவும் கேட்காது. திடீரென்று அதிகமாகச் சொல்பேச்சுக் கேட்பது, அந்த வீட்டுப் பேச்சு வந்தாலே எழுந்து போவது, காசு பத்திரப்படுத்துவது என்று ஏதாவது தெரிந்தால் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். சின்னவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய வாக்கியம், "நீ செஞ்ச எதனாலயும் இல்ல." நிலம், பங்கு எல்லாம் அதற்கப்புறம். ஒருமுறை சொன்னால் பதியாது. மறுபடி மறுபடி கேட்பான், அதே சொற்களில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு விளக்கம் கொடுத்தால், முந்தையது பொய் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான்.

அவனுக்கு நிலத் தகராறைப் புரியவைக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் ஒருநாள் தட்டில் மூன்று அதிரசத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மாச்சிக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, மாமா மூன்றையும் கேட்கிறார் என்றார். பிள்ளைக்கு நன்றாகவே புரிந்துவிட்டது. "மாமா திருடனாப்பா?" என்றான். மறுநாள் பள்ளிக்கூட வேனில் அதை ஓட்டுநரிடம் வரைக்கும் சொல்லிவிட்டான். தின்பண்டத்தை வைத்து விளக்கினால் கதையில் ஒரு திருடன் வந்தே தீருவான், எச்சரிக்கை. அதைத் திருத்த நான் சொன்னது இவ்வளவுதான்: "தாத்தாவோட தோட்டத்தை யார் யார் வச்சுக்கறதுன்னு மாமா ஒண்ணு சொல்றாரு, அம்மா ஒண்ணு சொல்றேன். ரெண்டு பேரும் கோவமா இருக்கோம். யார் சொல்றது சரின்னு ஜட்ஜ் பார்த்துச் சொல்லுவாரு." அந்த வயதுக்கு அது போதும்.

மகள் விஷயம் வேறு. அவளுக்கு நான் சொல்வதற்குள் ஊர் சொல்லிவிட்டது. வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றபோது அண்ணன் மகள் பக்கத்தில் வந்து நின்றிருக்கிறாள். ஒரே வயது, முன்பெல்லாம் விடுமுறை என்றால் ஒட்டிக்கொண்டே திரிவார்கள். "எங்க தோட்டத்தைப் புடுங்க உங்கம்மா கேஸ் போட்டிருக்காங்களாம்ல?" என்று கேட்டாளாம். இதோடு, ஒரு சொந்தக்காரப் பெரியவர் "2005-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கே கிடையாது" என்று திண்ணையில் சட்டம் பேசியதையும் இவள் கேட்டு வைத்திருக்கிறாள். என் கல்யாணம் அதற்கு முன்னால் நடந்தது. அன்று ராத்திரி, "உனக்கு உரிமையே இல்லையாமே?" என்று நேராகக் கேட்டாள்.

பதினொரு வயதுக்கு மழுப்பல் செல்லாது. நோட்டுத்தாளில் தாத்தா பெயரை எழுதி, கீழே மூன்று கட்டம் போட்டுச் சொன்னேன். தாத்தா தானே வாங்கிய சொத்து, உயிலும் இல்லை. அப்படியானால் 1956-ஆம் வருடத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. தாத்தாவின் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும். மகளுக்கு எப்போது கல்யாணம் ஆனது என்பது இதில் கணக்கே இல்லை. அந்தப் பெரியவர் குழப்பிக்கொண்டது பூர்வீகச் சொத்து விவகாரம். அதில் மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-இல் ஒரு திருத்தம் வந்தது, அதில் 25 மார்ச் 1989-க்கு முன்னால் கல்யாணமான பெண்களுக்குப் பங்கில்லை. 2005 மத்தியத் திருத்தம் அப்படிப் பிரிக்கவில்லை. அவர் இரண்டையும் கலந்துகட்டி அடித்துவிட்டார். இதை வக்கீலிடம் முன்பே கேட்டு வைத்திருந்ததால் தப்பித்தேன். பெரிய பிள்ளைகளிடம் பேசுமுன் நம் தரப்பு சட்டத்தைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு இடத்தில் தடுமாறினாலும் ராட்டின வரிசையில் கேட்டதுதான் உண்மை என்றாகிவிடும்.

கஷ்டமான கேள்வி அதற்குப் பிறகுதான். "ஆனா தோட்டத்தைப் பார்த்துக்கிட்டது மாமாதானே?"

ஆமாம். காற்றில் வாழை சாய்ந்தபோது நின்றது அவர்தான், தாத்தாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனதும் அவர்தான். எனக்கு நகை போட்டுச் சீர் செய்து அனுப்பியாகிவிட்டது, அதோடு கணக்கு முடிந்தது என்று அவர் நினைக்கிறார். நகை போட்டதால் மகளின் பங்கு போய்விடாது, பாடுபட்டதற்கு ஏதாவது கூடுதலாக எடுத்துக்கொள்ளட்டும், பேசி முடிப்போம் என்று நான் சொல்லியிருக்கிறேன். மொத்தமும் எழுதிக் கொடு என்றால் முடியாது. இரண்டு பக்கத்தையும் இப்படியே சொன்னேன். மாமா தரப்பைச் சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது. ஆனால் அதை நான் சொல்லாவிட்டால் அண்ணன் மகள் சொல்வாள், அப்போது நான் மறைத்தது போல ஆகும்.

"எப்போ முடியும்?" என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள். பாகப்பிரிவினை வழக்கில் யார் யாருக்கு எவ்வளவு என்று முதலில் ஒரு தீர்ப்பு வரும். அதன் பிறகு கோர்ட் அனுப்பும் கமிஷனர் வந்து அளந்து, எந்தப் பக்கம் யாருக்கு என்று பிரித்து, இறுதித் தீர்ப்பு தனியாக வர வேண்டும். நடுவில் மேல்முறையீடு வேறு. தீபாவளிக்குள் முடியும் என்று என் மாமனார் வாய்விட்டுவிட, மகள் அண்ணன் மகளுக்காக ஒரு வளையல் செட் வாங்கி வைத்தாள். அது அலமாரியில் அட்டை பிரிக்காமல் இருக்கிறது.

இன்னொரு தொல்லை, பிள்ளைகளிடம் வேவு பார்க்கும் சொந்தங்கள். ஒரு கல்யாணப் பந்தியில் ஒரு பெரியம்மா என் மகனுக்கு ஜாங்கிரியை வைத்துவிட்டு, "அம்மா எவ்வளவு கேக்குறா கண்ணு?" என்று விசாரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் இருவருக்கும் ஒரே வரி சொல்லிக் கொடுத்தேன்: "எனக்குத் தெரியாது, அம்மாகிட்ட கேளுங்க." நன்றாக வேலை செய்கிறது. வீட்டுப்பாடம் ஏன் செய்யவில்லை என்று டீச்சர் கேட்டதற்கும் மகன் அதையே சொன்னான் என்பது தனிக்கதை. கூடவே, தெருவில் மாமாவைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் வீட்டில் ஏற்பாடு இது: வணக்கம் சொல்லலாம், சிரிக்கலாம், பதில் வராவிட்டால் நின்று பார்க்காமல் நடந்துவிடலாம். எங்களுக்காக நீங்களும் முறைக்க வேண்டாம்.

மகனுக்குக் காதுகுத்து இந்தத் தை மாதம் குலதெய்வம் கோயிலில் நடந்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதா என்று ஊரே கேட்டது. முறையாகத் தாம்பூலத்தோடு பத்திரிகை அனுப்பினேன், திரும்பி வந்தது. என் சித்தப்பா மகன், அவனும் எனக்கு அண்ணன் முறைதான், மடியில் உட்கார வைத்துக்கொண்டான். மகனிடம் ஒரு வாரம் முன்னாலேயே, "மாமா வராம போகலாம், வரலைன்னா இந்த மாமா மடி" என்று சொல்லியிருந்தேன். அன்று ஆசாரி ஊசியை எடுத்தபோது அழுதானே தவிர, மாமாவைத் தேடி அழவில்லை. எனக்கு அது பெரிய விஷயம்.

அம்மாச்சி மட்டும் கடைசி நேரத்தில் ஆட்டோ பிடித்து வந்தார். யாரிடமும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, பேரன் கையில் நூறு ரூபாயைத் திணித்துவிட்டுப் போனார். அவன் அதை உண்டியலில் போடவில்லை, பலூன் வாங்கினான்.

இப்போது மகள் கேட்கும் கேள்வி: "நான் பெரிய மனுஷி ஆனா மாமா சீர் கொண்டு வருவாரா?" வருவார் என்றும் சொல்லவில்லை, மாட்டார் என்றும் சொல்லவில்லை. பத்திரிகை நான் கட்டாயம் அனுப்புவேன், வருவதும் வராததும் அவர் முடிவு என்றேன். "சரி, அப்போ என் பேர்ல அனுப்பு" என்றாள். அனுப்பத்தான் போகிறேன்.