மூன்றாம் பத்தியில் ஒளிந்திருந்த முதல் வரி

போட்டித் தேர்வு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. அதில் நான் அதிகம் அடிப்பது முதல் பத்தியைத்தான். அண்மையில் மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு மாணவி எழுதி வந்த கட்டுரை இப்படித் தொடங்கியது: "ஆதிகாலம் தொட்டே மனித சமுதாயம் நீரைச் சார்ந்தே வாழ்ந்து வருகிறது."

"இதுல நீர்னு இருக்கிற இடத்துல நெருப்புனு போட்டுப் படிம்மா" என்றேன். படித்தாள். வாக்கியம் அப்படியே நின்றது. எந்தத் தலைப்புக்கும் பொருந்துகிற வரி இந்தத் தலைப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

அதற்காகப் புதிதாக ஒன்றை யோசித்துக் கண்டுபிடிக்கச் சொல்வதில்லை. எழுதத் தொடங்கும்போது என்ன சொல்லப்போகிறோம் என்பது பலருக்குத் தெளிவாக இருக்காது. எழுத எழுதத்தான் பிடிபடும். ஆகவே நல்ல தொடக்கம் பெரும்பாலும் கட்டுரைக்குள்ளேயே, இரண்டாம் மூன்றாம் பத்தியில் கிடக்கும். இவளுடைய மூன்றாம் பத்தியில், 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் கொண்டுவந்த செய்தி இருந்தது. அதை மேலே கொண்டுவந்தாள்: "2019 ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது."

கண்ணில் படுகிற வரிதான். ஆனாலும் போதவில்லை. இதைப் படிப்பவர் அடுத்து குடிநீர் விநியோகம் பற்றி வரும் என்று எதிர்பார்ப்பார். அவள் வாதமோ வேறு: சட்டத்துக்காகக் கட்டிய தொட்டிகளைப் பின்னால் யாரும் தூர்வாரவில்லை என்பது. தகவல் திட்டவட்டமாக இருந்தும் வாதத்தைத் தொடாமல் போனால், அதுவும் அலங்காரம்தான் என்பது என் கருத்து.

உட்கார்ந்து பேசியதில் இந்த வடிவம் வந்தது: "தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது, 2019இல் சென்னைக்குக் குடிநீர் ரயிலில் வந்தது." வேகன் கணக்கு போய்விட்டது. இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே என்ன நடந்தது என்ற கேள்வி தானாகவே எழுகிறது. அதற்குப் பதில்தான் கட்டுரை.

ஆனால் இப்படி எழுதினால் ஒரு கடனும் சேர்ந்துவிடும். சட்டம் தோற்றதால்தான் ரயில் வந்தது என்று வாசகர் நினைத்துவிடலாம். 2018இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும் பெரிய காரணம். அதை இரண்டாம் பத்தியிலேயே சொல்லிவிட்டுத்தான் தூர்ந்துபோன தொட்டிகளுக்கு வர வேண்டும் என்றேன். சேர்த்தாள்.

கடைசியாக ஒரு சில்லறை வேலை: பழைய முதல் பத்தியை நீக்கியதும், அடுத்த பத்தியின் "இத்தகைய சிறப்பு வாய்ந்த நீரை" என்ற தொடக்கம் எதையும் சுட்டாமல் தொங்கியது. அதையும் அடித்துவிட்டு நேராகப் பருவமழைக் கணக்கிலிருந்து தொடங்கினாள்.