வண்டிக் கணக்கை டீசல் லிட்டரில் எழுதிப் பார்த்தபோது

என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆறு சக்கர லாரி. டிரைவர் ஒருவர், நிரந்தரமாக ஒரு லோடு. 300 கிலோமீட்டர் தூரத்தில் இறக்கிவிட்டு, பெரும்பாலும் காலியாகத் திரும்பி வருவோம். முதல் ஒரு வருடம் தொழில் நன்றாகப் போகிறது என்று முழு மனதோடு நம்பினேன். ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் கையில் பணம் நின்றது. நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

அந்தக் கணக்கை இங்கே பணத்தில் சொன்னால் பயன் குறைவு. டீசல் விலை மாறிக்கொண்டே இருக்கிறது, இடத்துக்கு இடம் வேறாகவும் இருக்கிறது. நானே பிற்பாடு நோட்டில் எல்லாச் செலவையும் அன்றைய டீசல் விலையால் வகுத்து, "இத்தனை லிட்டர்" என்று எழுதத் தொடங்கினேன். பழைய மாதத்தையும் புதிய மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது வசதியாக இருந்தது. அதனால் இங்கேயும் லிட்டரிலேயே சொல்கிறேன். லிட்டர் என்று நான் எழுதும் இடத்தில் அத்தனை லிட்டர் டீசலின் விலை என்று படித்துக்கொள்ளுங்கள்.

அந்த லோடுக்கு எனக்குக் கிடைத்த வாடகை 210 லிட்டர். போகும்போது லோடோடு லிட்டருக்கு 5 கிலோமீட்டர், திரும்பும்போது காலி வண்டியில் 7 கிலோமீட்டர். ஆக, போக 60 லிட்டர், வர 43 லிட்டர், மொத்தம் 103. ஏற்றி இறக்கிப் போய் வர மூன்று நாள் ஆகும். நாளுக்கு 4 லிட்டர் வீதம் டிரைவர் பேட்டா 12. சுங்கக் கட்டணத்தை லோடுக்காரரே தனியாகக் கொடுத்துவிடுவார். 210-இல் 115 போனால் மீதி 95. மாதம் 8 டிரிப் ஓடினால் 760 லிட்டர் கையில். இதைத்தான் லாபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதிலிருந்து டிரைவர் சம்பளம் 250 போகும். வண்டிக் கடன் தவணை, காப்பீடு, வரி, நிறுத்தும் இடத்து வாடகை எல்லாம் சேர்த்து மாதம் 480. மிச்சம் 30. சரி, முதல் வருடம்தானே, கடன் அடைந்துகொண்டிருக்கிறது, இது போதும் என்று இருந்துவிட்டேன். வண்டி புதிது. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் மாற்றுவது தவிர ஒர்க்‌ஷாப் பக்கம் போகும் வேலையே இல்லை. அந்த 30-இல் அதுவும் அடங்கிவிட்டது.

பதின்மூன்றாவது மாதம் ஆறு டயரும் ஒன்றாகத் தேய்ந்து நின்றன. ஒரு டயர் 180 லிட்டர் என்றால் ஆறுக்கு 1080. கையில் இல்லை. கடன் வாங்கித்தான் போட்டேன். எதிர்பாராத செலவு வந்துவிட்டது என்று வீட்டில் சொன்னேன். எங்களிடம் வண்டி ஓட்டிய அண்ணன், என்னைவிட இருபது வயது பெரியவர், அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, டயர் இன்னைக்கா தேஞ்சுது? நாம முதல் டிரிப் போனப்பவே தேய ஆரம்பிச்சாச்சு" என்றார்.

அன்று இரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் 4800 கிலோமீட்டர் ஓடுகிறோம், டயர் 60,000 கிலோமீட்டர் வந்திருக்கிறது. 1080-ஐ 60,000-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 0.018 லிட்டர். பார்க்க ஒன்றுமே இல்லாதது போலத் தெரிகிறது. 600 கிலோமீட்டர் டிரிப்புக்குக் கிட்டத்தட்ட 11 லிட்டர். ஒவ்வொரு டிரிப்பிலும் 11 லிட்டரை நான் சாலையில் தேய்த்துவிட்டு, அதை லாபமாக எண்ணி எடுத்துச் செலவு செய்திருக்கிறேன்.

டயர் மட்டும் இல்லை. கிளட்ச், பிரேக் லைனிங், லீஃப் ஸ்பிரிங், பேரிங் எல்லாமே இப்படித்தான். புது வண்டி முதல் வருடம் எதுவும் கேட்காது. மூன்றாம் நான்காம் வருடத்தில் மொத்தமாகக் கேட்கும். அதனால் முதல் வருடச் செலவை வைத்து ரிப்பேர் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். ஒர்க்‌ஷாப்காரரிடமும், இதே மாதிரி வண்டி ஐந்தாறு வருடமாக வைத்திருக்கிற இரண்டு பேரிடமும் எந்தப் பாகம் எத்தனை கிலோமீட்டரில் போகும், எவ்வளவு ஆகும் என்று கேட்டு எழுதினேன். கூட்டி வகுத்ததில் கிலோமீட்டருக்கு 0.03 லிட்டர், டிரிப்புக்கு 18 வந்தது. இது என் வண்டிக்கும் என் சாலைக்கும் வந்த கணக்கு. பேட்டரி மாதிரிச் சில பொருள்கள் ஓடாவிட்டாலும் காலத்தால் போய்விடும். அவற்றை மாதச் செலவில் சேர்ப்பதுதான் முறை.

இப்போது முழுக் கணக்கையும் பாருங்கள். டீசல் 103, பேட்டா 12, டயரும் ரிப்பேரும் 29. சம்பளமும் தவணை வகையறாவும் மாதத்துக்கு 730, எட்டு டிரிப்புக்குப் பிரித்தால் 91. மொத்தம் 235 லிட்டர். வாடகை 210. ஒவ்வொரு டிரிப்பிலும் 25 லிட்டர் நஷ்டத்தில் ஒரு வருடம் முழுக்க ஓட்டியிருக்கிறேன், அதுவும் சந்தோஷமாக.

235-ஐ 600-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 0.39 லிட்டர். ஆனால் எனக்குப் பணம் கிடைப்பது 300 கிலோமீட்டருக்குத்தான். அதனால் வகுக்க வேண்டியது 300-ஆல். 0.78. இந்த இரண்டில் எதைச் சொல்கிறோம் என்ற தெளிவு இல்லாமல் லோடு பேசப் போனால் அங்கேயே தோற்றுவிடுவோம். "கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கிலோமீட்டர், போவதா அல்லது போய் வருவதா என்று முதலில் கேட்டுவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

மாதச் செலவு இன்னும் கொடுமையானது. ஒரு மாதம் மழையாலும் லோடு தாமதத்தாலும் 5 டிரிப்தான் போனோம். அதே 730-ஐ ஐந்தால் வகுத்தால் 146. டிரிப்பின் அடக்கம் 290 ஆகிவிட்டது. டீசல் விலை ஒரு பைசா ஏறவில்லை, வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. நின்ற நாட்கள் மட்டுமே 55 லிட்டரை ஏற்றிவிட்டன. அதுவரை நான் என் கவலையை எல்லாம் டீசல் மேலேயே வைத்திருந்தேன்.

டீசலையும் விட்டுவிட முடியாது. டேங்கை முழுதாக நிரப்பி, ஓடோமீட்டரைக் குறித்து, அடுத்த முறை மறுபடி முழுதாக நிரப்பும்போது பிடித்த லிட்டரால் ஓடிய தூரத்தை வகுப்பேன். ஒரு முறை நிரப்பியதை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலே சில லிட்டர் வித்தியாசம் வரும். நான்கைந்து நிரப்பலைக் கூட்டிப் பார்த்தால்தான் உண்மை தெரியும். போய் வருவதற்குச் சராசரி 5.8 வந்துகொண்டிருந்தது, ஒரு சமயம் 5.2-க்கு இறங்கி அங்கேயே நின்றது. டிரிப்புக்கு 12 லிட்டர் அதிகம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு முதலில் அண்ணன் மேல்தான் சந்தேகம் வந்தது. இந்தத் தொழிலில் எல்லோரும் முதலில் அங்கேதான் போவார்கள். நல்லவேளை, கேட்பதற்கு முன் அவரே சொன்னார்: "வண்டி இறக்கத்துல கூட தானா உருள மாட்டேங்குது தம்பி. ஏதோ பிடிக்குது." ஒரு டிரிப் முடிந்து வந்ததும் ஒவ்வொரு சக்கரத்தின் ஹப் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தோம். பின்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் கையை அருகே வைக்க முடியாத சூடு. பிரேக் ஷூ விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. சரிசெய்த பிறகு மைலேஜ் பழைய இடத்துக்கு வந்தது. அதன் பிறகு மைலேஜ் இறங்கினால் டயர் காற்று, ஏர் ஃபில்டர், பிரேக் மூன்றையும் பார்க்காமல் மனிதரைப் பற்றி யோசிப்பதில்லை.

டிரைவர் சம்பளத்தில் கைவைத்து அடக்கத்தைக் குறைக்கலாம் என்று சிலர் எனக்குச் சொன்னார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், லோடு இல்லாத நாளின் பாரம் முழுக்க டிரைவர் தலையில் விழும். அவர் தூங்காமல் ஓட்டத்தான் பார்ப்பார். டீசல் மிச்சம் பிடித்தால் பங்கு என்றால், இறக்கத்தில் நியூட்ரலில் விடும் ஆசை வரும். லோடு வண்டியில் அது உயிர் போகும் விஷயம். அதனால் மாதச் சம்பளத்தையும் பேட்டாவையும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது லோடு எடுப்பதற்கு வேறு கணக்கு. வண்டி எப்படியும் காலியாக வரத்தான் போகிறது. அதில் லோடு ஏற்றினால் டீசல் 43-க்குப் பதில் 60, கூடுதல் 17. லோடுக்காக ஒரு நாள் காத்திருந்தால் பேட்டா 4. அந்த நாளின் மாதச் செலவுப் பங்கு 24. மொத்தம் 45 லிட்டர். அதற்குமேல் கிடைப்பது உதவி. வேறு டிரிப்பைக் கெடுக்காத வரை 80 லிட்டருக்கு வரும் லோடையும் தயங்காமல் எடுப்பேன். ஆனால் இரண்டு நாள் காத்திருந்து, அதனால் நிரந்தர லோடு ஒன்று தவறினால் அந்த 80-இல் பொருளே இல்லை. அதே 80-ஐ, "அன்றைக்கு இந்த விலைக்கு வந்தீர்களே" என்று போகும் லோடுக்கும் கேட்பவர்கள் உண்டு. அங்கே விட்டுக்கொடுக்கக் கூடாது.

கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு லோடுக்காரரைப் பார்க்கப் போனேன். 250 கேட்டேன். பேசிப் பேசி 230-இல் நின்றது. நான் இன்னொன்றும் கேட்டேன். வண்டி போய்ச் சேர்ந்த அன்றே இறக்கிவிட வேண்டும், மறுநாள் வரை நிறுத்தி வைக்கக் கூடாது. வாடகையை ஏற்றுவதற்கு முகம் சுளித்தவர், இதற்கு உடனே சரி என்றார். அவருக்கு அதில் செலவே இல்லை. எனக்கு அது மாதம் ஒரு டிரிப். ஒன்பது டிரிப்பில் 730-இன் பங்கு 81-க்கு இறங்கி, அடக்கம் 225 ஆனது.

5 லிட்டர் மிச்சம் என்பது பெரிய பணம் இல்லைதான். திரும்பும் லோடு ஏதாவது வந்தால்தான் மாதம் கொஞ்சம் நிமிர்கிறது. ஆனால் அந்த 225-இல் டயருக்கும் ரிப்பேருக்கும் உரிய 29 உள்ளே இருக்கிறது. ஒவ்வொரு டிரிப் முடிந்ததும் அதைத் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். அந்த 225-இல் இன்னும் எழுதாத ஒரு செலவு உண்டு. லோடு பேசுவது, பணம் வசூலிப்பது, ஒர்க்‌ஷாப்பில் நிற்பது என்று நான் செய்யும் வேலைக்கான கூலி. அடுத்த முறை வாடகை பேசப் போகும்போது அதையும் சேர்த்து எழுதிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.