சுகர் நரம்பு என்றே மூன்று மாதம் ஓட்டிவிட்டேன்

சோப்பு போட்டு முகம் கழுவும்போதுதான் முதலில் தெரிந்தது. கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாயும், சட்டென்று குழாயைப் பிடித்துக்கொள்வேன். அப்புறம் ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பினால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. தையல் வேலை செய்கிறவள் நான், வயது 57. ஊசி விரலில் குத்தினால் கூட மெத்தைக்கு மேலே குத்துகிற மாதிரி இருந்தது.

பதினொரு வருடமாகச் சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். கடைசி ஆறு வருடமாகக் காலை 1000, இரவு 1000 மில்லிகிராம். சுத்த சைவம், பால் தயிர் மட்டும் உண்டு. வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கால் எரிச்சல், மதமதப்பு என்றதும், "சுகர் நரம்பும்மா, இனி இதோடு பழகணும்" என்று ஒரு மாத்திரை எழுதித் தந்தார். அதில் தூக்கம் வந்ததே தவிர காலில் மாற்றமில்லை. பக்கத்து மருந்துக் கடைக்காரர் தந்த 'நரம்பு மாத்திரை'யையும் மூன்று வாரம் விழுங்கினேன். அது பெரிய தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது.

மகள் வற்புறுத்தி நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் முதலில் கேட்டது, "கையும் காலும் சேர்ந்தே மரத்ததா, கால் மட்டுமா?" என்று. எனக்குச் சில மாதத்துக்குள்ளேயே இரண்டும் வந்துவிட்டன. சுகரால் வருவது பெரும்பாலும் பாதத்தில் ஆரம்பித்து, வருடக்கணக்கில் மெல்ல ஏறி, பிறகுதான் கைக்கு வருமாம். என் மூன்று மாதச் சுகர் 6.8, கண்ணின் விழித்திரையும் சுத்தம். இவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கும்போது நரம்பு மட்டும் இப்படிப் போவானேன் என்பது அவர் சந்தேகம்.

ஒரு இரும்புக் கவையைத் தட்டி என் கால் கட்டைவிரல் எலும்பில் வைத்தார். அதிர்வு தெரிகிறதா என்றார். ஒன்றும் தெரியவில்லை. கணுக்காலில் லேசாகத் தெரிந்தது, முழங்காலில்தான் சரியாகக் கேட்டது (கேட்டது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது). கண்ணை மூடச் சொல்லி, கட்டைவிரலை மேலே தூக்குகிறேனா கீழே இறக்குகிறேனா என்றார். நான் ஊகித்துத்தான் பதில் சொன்னேன். நிற்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னதும் சாய்ந்துவிட்டேன். குளியலறையில் நடந்ததும் அதுதான்: கால் எங்கே இருக்கிறது என்பதை நரம்பு சொல்லாமல், கண்தான் அதுவரை ஈடுகட்டியிருக்கிறது.

மெட்ஃபார்மினாலும் சைவச் சாப்பாட்டாலும் நரம்புக்கு வேண்டிய பி12 வைட்டமின் குறைந்திருக்குமோ என்று ரத்தப் பரிசோதனை எழுதினார். அதில் 238 வந்தது. லேப் தாளில் 187-க்கு மேல் இருந்தால் நார்மல். ஹீமோகுளோபினும் 12.4. நானே, "நார்மல்தானே டாக்டர்?" என்றேன். "நரம்பு மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டார். அதிலும் பி12 இருக்குமாம். ரத்தத்தில் அளவு ஏறிவிடும், நரம்பின் பஞ்சம் தீராது. 200-க்கும் 300-க்கும் நடுவில் வந்தால், அதுவும் இப்படி அறிகுறிகளோடு வந்தால், அந்த எண்ணை நம்பக்கூடாது என்றார். ரத்தசோகை இல்லாமலேயே நரம்பு கெடலாம் என்பதும் எனக்குப் புதுச்செய்தி.

அதனால், பி12 பற்றாதபோது ரத்தத்தில் ஏறும் ஹோமோசிஸ்டீனை வெறும் வயிற்றில் பார்த்தோம். 15-க்குள் இருக்கவேண்டியது 34. கிட்னி கோளாறிலும் ஃபோலேட் குறைவிலும் இது ஏறும் என்பதால் கிரியாட்டினினும் ஃபோலேட்டும் எடுத்தார், இரண்டும் சரி. மெத்தில்மலோனிக் அமிலம் என்ற பரிசோதனை இன்னும் துல்லியமாம். வெளியூர் அனுப்பவேண்டும், செலவு அதிகம், இதுவே போதும் என்று விட்டுவிட்டார்.

மெட்ஃபார்மின் எப்படி பி12-ஐக் குறைக்கிறது என்று கேட்டேன். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உறிஞ்சப்பட கால்சியம் தேவை. அந்த இடத்தில் மெட்ஃபார்மின் குறுக்கே நிற்கிறது என்கிறார்கள். கல்லீரலில் சில வருடத்துக்கான சேமிப்பு இருப்பதால் உடனே தெரியாது. என் சைவச் சாப்பாட்டில் வரவே குறைவு, செலவு மட்டும் தொடர்ந்திருக்கிறது.

மெட்ஃபார்மினை நிறுத்தவில்லை. பி12 ஊசி 1000 மைக்ரோகிராம், இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு எட்டு வாரம் வாரம் ஒன்று. மருந்து சிவப்பு நிறம், போடும்போது இடுப்பில் கொஞ்சம் எரியும். மூன்றாவது ஊசிக்கு அப்புறம் காலில் ஊசி குத்தல் முன்னைவிட அதிகமானதும் பயந்துபோய் போன் செய்தேன். நரம்பு தேறும்போது சிலருக்கு அப்படி இருக்கும், விடாதீர்கள் என்றார். ஐந்தாவது வாரம் நாக்கு எரிச்சல் போனது. அது இருந்ததே அது போனபிறகுதான் உறைத்தது. மூன்றாவது மாதம் விரலில் ஊசி குத்தியதும் "ஆ" என்று கத்தினேன், மகள் சிரித்தாள்.

இப்போது தினமும் பி12 மாத்திரை, ஆறு மாதத்தில் மறுபடி பரிசோதனை. ஒன்பது மாதம் ஆகிறது. கணுக்காலில் அதிர்வு முழுக்கத் தெரிகிறது, கட்டைவிரலில் பாதியில் நின்றுவிடுகிறது. தாமதித்தவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம் தங்கிவிடலாம் என்கிறார் டாக்டர். பின்பக்கம் பட்டை வைத்த செருப்புதான் போட்டுக்கொள்கிறேன்.